'லிங்க் பயோவில' என்றால் எங்கே அமத்துவது?

முல்லைத்தீவில் பனையோலை வேலை செய்யும் ஓர் அக்கா தன் கைபேசியை என் முன்னால் வைத்தார். "பாருங்கோ தங்கச்சி, எத்தினை பேர் கேட்டிருக்கினம். வாங்கினது ரெண்டே ரெண்டு பேர்."

அவருடைய மருமகன் எடுத்துப் போட்ட காணொளி அது. குருத்தோலையை வார்ந்து, நீத்துப்பெட்டி இழைத்து, கடைசியில் அதில் பிட்டு அவித்துக் கொட்டுவது வரைக்கும் நாற்பது வினாடி. இன்ஸ்டகிராமில் நன்றாக ஓடியிருந்தது. கீழே கொமென்ட்டுகள் நிரம்பிக் கிடந்தன. 'விலை என்ன?', 'எங்க வாங்கலாம்?', 'கனடாவுக்கு அனுப்புவீங்களா அக்கா?', 'அம்மம்மாட வீட்டில இருந்தது, எனக்கும் ஒண்டு வேணும்'. காணொளியின் கடைசியில் மருமகன் சொல்கிறார்: "ஓடர் பண்ண லிங்க் இன் பயோ."

கேட்டவர்கள் எல்லோரும் வாங்கப்போகிறார்கள் என்று நினைத்து அக்கா கூடுதலாக 30 பெட்டி இழைத்து வைத்திருந்தார். ஓலையும் சாயமும் கடனுக்கு எடுத்தது. கணவர் இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் வீட்டில், விறாந்தையில் அடுக்கிக் கிடக்கும் 30 பெட்டி என்பது சின்ன விடயமில்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது கொமென்ட்டுகளின் எண்ணிக்கை அல்ல. அவற்றில் பாதிக்கு மேல் 'எங்கே வாங்கலாம்?' என்ற கேள்வியாக இருந்ததுதான். அந்தக் கேள்விக்கான பதில்தான் காணொளியின் கடைசி வசனம். கேட்டவர்கள் அதைக் கேட்காமல் விட்டவர்கள் அல்லர். கேட்டும் விளங்காதவர்கள். ஊடகக் கற்கையில் படித்த காலத்திலிருந்து இந்த மாதிரி வசனங்களை நானும் எழுதிவந்திருக்கிறேன். அன்றுதான் அந்த மூன்று சொற்களையும் ஒருதரம் உடைத்துப் பார்த்தேன்.

மூன்று தட்டல், ஒரு சொல்லும் இல்லை

இந்தச் சொற்றொடர் பிறந்ததே ஒரு தொழில்நுட்பக் கட்டுப்பாட்டினால்தான். இன்ஸ்டகிராமில் ஒரு பதிவின் விவரணத்திலோ கொமென்ட்டிலோ இணைய முகவரியை எழுதினால் அது வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டாலும் திறக்காது. திறக்கக்கூடிய லிங்க் வைக்கக் கணக்கின் முகப்புப் பக்கத்தில், தன்னைப் பற்றி எழுதும் பகுதியில் மட்டுமே இடம் தந்தார்கள். அதுதான் 'பயோ'. நீண்ட காலம் அங்கேயும் ஒரேயொரு லிங்க்தான் வைக்கலாம். பல லிங்குகளை ஒரு பக்கத்தில் அடுக்கித் தரும் லிங்க்ட்ரீ போன்ற சேவைகள் 2016 அளவில் வந்தது இதனால்தான். 2023 ஏப்ரலில்தான் பயோவில் ஐந்து லிங்க் வரை வைக்க இன்ஸ்டகிராம் இடம் தந்தது.

ஆக, 'லிங்க் இன் பயோ' என்பது கணக்கு வைத்திருப்பவருக்குத் தெரிந்த இடத்தின் பெயர். பார்க்கிறவருக்கு அந்தப் பெயர் எங்கேயும் தெரிவதில்லை. கைபேசித் திரையில் 'பயோ' என்று எழுதிய பொத்தான் ஒன்றுமே இல்லை. ரீல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஓடர் கொடுக்கும் பக்கத்துக்குப் போக மூன்று தடவை தட்டவேண்டும். முதலில் ரீலின் கீழே இடது பக்கம் இருக்கும் கணக்கின் பெயரைத் தட்டவேண்டும். அப்போது முகப்புப் பக்கம் திறக்கும். அங்கே படத்துக்கும் அறிமுக வரிகளுக்கும் கீழே சங்கிலி அடையாளத்தோடு இருக்கும் வரியைத் தட்டவேண்டும். அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட லிங்க் இருந்தால் முதலாவதின் தலைப்புத்தான் தெரியும், மற்றவை 'இன்னும் சில' என்ற சிறு குறிப்புக்குள் ஒளிந்துவிடும். அந்தப் பட்டியலைத் திறந்து சரியானதைத் தட்டுவது மூன்றாவது. மருமகன் சொன்ன வசனத்தில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

அன்று பின்னேரமே ஒரு சின்னப் பரிசோதனை செய்தோம். பக்கத்து வீட்டு அன்ரியிடம் கைபேசியைக் கொடுத்து, காணொளியைக் காட்டி, "இதை ஓடர் பண்ணுங்கோ பாப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாய் திறக்காமல் இருந்தோம். வாய் திறக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. அன்ரி காணொளியின் கீழே எழுதியிருந்த 'Link in bio' என்ற எழுத்தையே விரலால் அமத்தினார். காணொளி நின்றுவிட்டது. மறுபடி அமத்தினார். ஓடத்தொடங்கியது. மூன்றாம் முறை, "இது வேலை செய்யுதில்லைப் பிள்ளை, உங்கட போன் பழுதுபோல" என்று திருப்பித் தந்தார்.

அவரில் பிழை ஒன்றுமில்லை. அமத்தச் சொன்ன எழுத்தைத்தான் அமத்தினார். அடுத்ததாகக் கனடாவில் இருக்கும் என் மச்சாளுக்கு அதே வேலையை வட்ஸ்அப் அழைப்பில் கொடுத்தேன். அவர் முகப்புப் பக்கம் வரைக்கும் சரியாகப் போனார். அங்கே அக்காவின் பயோவில் மருமகனின் யூரியூப் சனல் முதலாவதாகவும், ஓடர் லிங்க் இரண்டாவதாகவும் இருந்தன. மச்சாள் யூரியூப்புக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். இரண்டு பேர், இரண்டு வேறு இடங்களில் நின்றார்கள். திருத்தவேண்டிய இடங்கள் எவை என்று யோசிக்க வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

வசனத்தை எழுதுதல்

நாங்கள் பழைய வசனத்தை அழித்துவிட்டு எழுதியது இது: "வாங்க விரும்பினால், கீழே இடது பக்கம் இருக்கிற எங்கட பேரை அமத்துங்கோ. திறக்கிற பக்கத்தில 'நீத்துப்பெட்டி ஓடர்' எண்டு எழுதியிருக்கும். அதை அமத்தினால் எங்கட வட்ஸ்அப் திறக்கும்."

இதில் மூன்று விடயங்கள் உள்ளன. விரல் போகவேண்டிய இடம் ஒன்று, அங்கே கண் தேடவேண்டிய எழுத்து இன்னொன்று, அமத்திய பிறகு என்ன திறக்கும் என்பது மற்றது. கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எங்கள் ஆக்களுக்கு அதுதான் முக்கியம். தெரியாத லிங்கைத் தொட்டுக் காசு போன கதைகளைக் கேட்டுக் கேட்டுப் பயந்திருக்கிறார்கள். 'வட்ஸ்அப் திறக்கும்' என்று முன்கூட்டியே சொன்னால், வட்ஸ்அப் திறக்கும்போது சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரியும். வேறு ஏதாவது திறந்தால் உடனே மூடிவிடவும் தெரியும்.

'அமத்துங்கோ' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு சிறு வாக்குவாதம் நடந்தது. மருமகன் 'க்ளிக் பண்ணுங்கோ' என்றார். நான் 'அழுத்துங்கள்' என்று எழுதினேன். அக்கா இரண்டையும் ஒதுக்கிவிட்டு, "நாங்கள் கதைக்கிற மாதிரி அமத்துங்கோ எண்டே போடுங்கோ" என்றார். அவர் சொன்னதுதான் சரி. காணொளியில் குரல் அவருடையது, வாங்கப்போகிறவர்களில் பலர் அதே வழக்கில் கதைத்து வளர்ந்து வெளிநாடு போனவர்கள்.

முக்கியமாக, சொல்லும் சொல்லும் கண்ணில் படும் சொல்லும் ஒன்றாக இருக்கவேண்டும். காணொளியில் 'நீத்துப்பெட்டி ஓடர்' என்று சொல்லிவிட்டு பயோவில் 'Our Products' என்று இருந்தால் அந்த இடத்தில் ஆள் தடுமாறுவார். இன்ஸ்டகிராமில் 'Edit profile' என்பதற்குள் போய் 'Links' பகுதியில் ஒவ்வொரு லிங்கிற்கும் தலைப்புக் கொடுக்கலாம், வரிசையையும் மாற்றலாம். அக்காவின் லிங்கிற்கு 'நீத்துப்பெட்டி ஓடர்' என்றே தலைப்பு வைத்து முதலாவதாக ஏற்றினோம். மருமகனின் சனலை எடுத்தேவிட்டோம். அவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.

லிங்கையும் மாற்றினோம். முன்பு அது பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் கேட்கும் ஒரு நீண்ட படிவத்துக்குப் போனது. அதற்குப் பதிலாக நேரே வட்ஸ்அப் உரையாடலைத் திறக்கும் முகவரியை வைத்தோம். அதன் அமைப்பு இப்படி:

```
https://wa.me/947XXXXXXXX?text=Neethupetti%20order
```

நடுவில் வருவது கைபேசி இலக்கம். இலங்கைக்கான 94 முதலில் வரும், இலக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும் சைபரை விட்டுவிடவேண்டும், கூட்டல் குறியோ இடைவெளியோ போடக்கூடாது. இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். சைபரோடு எழுதினால் வெளிநாட்டில் இருப்பவருக்கு மட்டுமல்ல, உள்நாட்டில் இருப்பவருக்கும் இலக்கம் பிழை என்றுதான் வரும். '%20' என்பது இடைவெளிக்குப் பதிலாக எழுதுவது. இந்த லிங்கை அமத்தினால் அக்காவோடான உரையாடல் திறந்து, 'Neethupetti order' என்ற செய்தி எழுதப்பட்டபடியே நிற்கும். வாங்குகிறவர் அனுப்பும் அம்புக்குறியை அமத்தினால் போதும். என்ன எழுதித் தொடங்குவது என்று யோசித்து விட்டுப்போகிறவர்கள் குறைவார்கள். அக்காவுக்கும் எந்தச் செய்தி காணொளியிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் தெரியும்.

இனி, எழுத்தை வைக்கும் இடம். ரீலின் கீழ்ப்பகுதியில் கணக்கின் பெயரும் விவரணமும், வலது பக்கத்தில் விருப்பக்குறி முதலான பொத்தான்களும் மேலே வந்து மூடும். மருமகன் எழுத்தைக் கீழேதான் வைத்திருந்தார், அரைவாசி மறைந்து போயிருந்தது. நடுப்பகுதிக்கு உயர்த்தி, கீழே இடது பக்கம் காட்டும் அம்புக்குறி ஒன்று போட்டோம். விவரணத்திலும் இதே வசனத்தை முதல் வரியாக எழுதினோம். ரீலில் விவரணத்தின் தொடக்கம் மட்டும்தான் தெரியும், மிச்சம் 'more' என்பதற்குள் போய்விடும். குறிச்சொற்களும் இதய அடையாளங்களும் முதல் வரியைப் பிடித்துக்கொண்டால் வழி சொல்லும் வசனம் யாருக்கும் தெரியாது.

இன்னொரு சிக்கல், பழைய காணொளிகள். பயோ ஒன்றுதான், காணொளிகளோ கூடிக்கொண்டே போகும். இந்த மாதம் 'லிங்க் பயோவில்' என்று நீத்துப்பெட்டிக்குச் சொல்வோம். அடுத்த மாதம் அதே இடத்தில் வேறு லிங்க் இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பழைய காணொளி ஒருவருக்குப் போய்ச் சேரும்போது அந்த வசனம் பொய்யாகியிருக்கும். தலைப்பின் பெயரைச் சொல்லி வழிகாட்டினால், அந்தத் தலைப்பு அங்கே இல்லை என்றாவது பார்க்கிறவருக்கு விளங்கும். பொருள் முடிந்துவிட்டால் லிங்கை எடுக்காமல், தலைப்பை 'நீத்துப்பெட்டி – இப்ப இல்லை, கேட்டு வையுங்கோ' என்று மாற்றிவிடுவது நல்லது.

அதே காணொளி வேறு தளங்களுக்குப் போகும்போது வசனமும் மாறவேண்டும். இன்ஸ்டகிராமில் இருந்து முகநூலுக்குத் தானாகப் பகிரும் வசதியைப் பலர் திறந்து வைத்திருக்கிறார்கள். 'பயோவைப் பாருங்கோ' என்ற வரி அப்படியே முகநூலுக்கும் போய்விடுகிறது. முகநூலில் சாதாரண பதிவிலேயே லிங்க் திறக்கும், பயோவுக்கு அனுப்பவேண்டிய தேவையே இல்லை. யூரியூப்பில் நீண்ட காணொளியின் விவரணத்தில் லிங்க் திறக்கும், ஆனால் ஷோர்ட்ஸின் விவரணத்திலும் கொமென்ட்டிலும் 2023 ஓகஸ்ட் 31 முதல் திறப்பதில்லை. மோசடி லிங்குகளைத் தடுப்பதற்காக அதை நிறுத்தினார்கள். 'கீழே டிஸ்கிரிப்ஷன்ல லிங்க் இருக்கு' என்று ஷோர்ட்ஸில் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவை எதுவுமே உதவாத ஓர் இடமும் உண்டு. எங்கள் சனம் காணொளியைத் தரவிறக்கி வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடும். அங்கே கணக்கும் இல்லை, பயோவும் இல்லை, விவரணமும் இல்லை. அதனால் கடைசி மூன்று வினாடிகளில் கணக்கின் பெயரையும் வட்ஸ்அப் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் படத்திலேயே பதித்துவிட்டோம். தொழிலுக்கென்று தனி இலக்கம் இருந்தால் மட்டும் இதைச் செய்யவேண்டும். வீட்டு இலக்கத்தை ஒருமுறை விட்டால் திரும்ப எடுக்கமுடியாது.

'கொமென்ட் பண்ணினால் லிங்க் அனுப்புவம்'

மருமகனுக்கு வேறொரு யோசனை இருந்தது. "கொமென்டில பேர் போட்டால் லிங்க் அனுப்புறம் எண்டு சொல்லுவம். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்" என்றார். செய்கிறார்கள்தான். பார்க்கிறவருக்கு அது இலகு, ஒரு சொல் எழுதினால் லிங்க் பெட்டிக்கே வந்துவிடும். ஆனால் அந்த வாக்குறுதிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்த வசனத்தை எழுதக்கூடாது.

கொமென்ட்டுக்குத் தானாகச் செய்தி அனுப்பும் சேவைகள், இன்ஸ்டகிராம் வணிகக் கணக்குகளுக்குத் திறந்துவிட்டிருக்கும் ஒரு வழியால்தான் இயங்குகின்றன. அதன் விதி இறுக்கமானது. ஒரு கொமென்ட்டுக்கு ஒரு தனிச்செய்திதான், அதுவும் கொமென்ட் வந்து 7 நாட்களுக்குள். பெற்றவர் பதில் எழுதினால்தான் தொடர்ந்து கதைக்கலாம். அந்த வாய்ப்பு 24 மணித்தியாலம் திறந்திருக்கும். எனவே முதல் செய்தியில் 'வணக்கம், எப்படி இருக்கிறீங்கள்?' என்று மட்டும் எழுதினால், இருந்த ஒரு வாய்ப்பும் போய்விடும். லிங்க் அந்த முதல் செய்தியிலேயே இருக்கவேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தச் செய்தி எங்கே போய் விழுகிறது என்பது. கொமென்ட் எழுதியவர் உங்கள் கணக்கைப் பின்தொடர்பவர் என்றால் அவருடைய செய்திப் பெட்டிக்கு நேரே போகும். இல்லையென்றால் 'Message requests' என்ற தனிப் பகுதிக்குள் போய்க் கிடக்கும். பரவிப்போன காணொளிக்குக் கொமென்ட் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் பின்தொடராத புது ஆக்கள். அவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று நினைத்து, 'எனக்கு அனுப்பேல்ல' என்று மறுபடி கொமென்ட் எழுதுவார்கள். ஆகவே வசனத்திலேயே அதைச் சொல்லவேண்டும்: "எங்கட செய்தி காணேல்ல எண்டால் 'Message requests' எண்ட இடத்தில பாருங்கோ."

பிறகு அந்தச் சொல். எந்தச் சொல்லைக் கொமென்ட்டில் எழுதச்சொல்வது? மருமகன் 'நீத்துப்பெட்டி' என்றார். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் அதை ஆங்கில எழுத்தில் ஆக்கள் எப்படி எழுதுவார்கள் என்று எழுதிக் காட்டினேன். neethupetti, neeththupeddi, nithu petti, neethu peti என்று போய்க்கொண்டே இருந்தது. தமிழ் விசைப்பலகையில் எழுதுகிறவர் 'நீத்து பெட்டி' என்று இடைவெளி விட்டு எழுதலாம், 'நீற்றுப்பெட்டி' என்றும் எழுதலாம். தானியங்கிச் சேவை நாங்கள் கொடுத்த எழுத்துகளோடு ஒத்துப்போகும் சொல்லைத்தான் பிடிக்கும். பிடிக்காமல் விட்டவருக்கு ஒன்றும் போகாது, எங்களுக்கும் அது தெரியாது. 'கூடை' என்று வைத்தால் ஆங்கிலத்தில் அது குடையா கூடையா என்றே தெரியாது. அதனால் எந்த விசைப்பலகையிலும் ஒரே மாதிரி எழுதக்கூடிய ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும். நாங்கள் '5' என்ற இலக்கத்தை எடுத்தோம்.

அக்காவிடம் அப்படியான சேவைக்குப் பணம் கட்ட வசதியில்லை. கையால்தான் அனுப்பவேண்டும். அது தப்பில்லை, ஆனால் வசனம் உண்மையாக இருக்கவேண்டும். 'உடனே அனுப்புவம்' என்று சொல்லிவிட்டு, அவர் பகல் முழுக்க ஓலை வெட்டப் போயிருந்தால் காத்திருந்தவர் கோபப்படுவார். "கொமென்ட்டில 5 எண்டு மட்டும் எழுதுங்கோ. ஓடர் லிங்கை இரவு 8 மணிக்குப் பிறகு உங்கட இன்ஸ்டகிராம் செய்திக்கு அனுப்புவம்" என்று எழுதினோம். ஒரே செய்தியை ஒட்டி ஒட்டிப் பலருக்கு வேகமாக அனுப்பினால் இன்ஸ்டகிராம் அதைக் குப்பைச் செய்தி என்று எடுத்துக் கணக்கைச் சில நேரம் முடக்கலாம். ஆறுதலாக, ஒவ்வொருவருடைய பெயரையும் சேர்த்து அனுப்பும்படி அக்காவிடம் சொன்னேன்.

முகநூலில் இதைச் செய்யும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். 2017 டிசம்பரில் முகநூல், விருப்பக்குறியும் கொமென்ட்டும் பகிர்வும் வெறுமனே கேட்டு வாங்கும் பதிவுகளைக் குறைவாகக் காட்டப்போவதாக அறிவித்தது. 'உங்களுக்கும் பிடித்தால் YES எண்டு எழுதுங்கோ' என்பது அந்த வகை. எழுதுகிறவருக்கு அதனால் கிடைப்பது ஒன்றுமில்லை. அங்கே லிங்கைப் பதிவிலேயே வைத்துவிடுவது சுலபம். கொமென்ட்டில் வைப்பதாக இருந்தால், 'முதல் கொமென்ட்டில் பாருங்கோ' என்று சொல்லிவிட்டுப் போகமுடியாது. முகநூல் கொமென்ட்டுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை, முதலாவது எங்கேயோ புதைந்துவிடும். மேலே குத்தி வைக்கும் வசதி இருந்தால் குத்திவிட்டு, 'மேலே குத்தி வைத்திருக்கிற கொமென்ட்டில்' என்று எழுதவேண்டும்.

நான் விட்ட பிழை

கொமென்ட் கேட்கும் வசனத்தில் எனக்கு இருக்கும் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன்பு, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஓர் அமைப்பு நடத்திய இலவச சட்ட ஆலோசனை பற்றி ஒரு காணொளி செய்துகொடுத்தேன். விண்ணப்பப் படிவத்தின் லிங்கைத் தருவதற்காக நான் எழுதிய வசனம்: "விவரம் தேவையானவர்கள் கொமென்ட் செய்யவும்."

'விவரம்' என்ற சொல்லை யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஓர் அம்மா அதை 'உங்கள் விவரத்தைக் கொமென்ட் செய்யவும்' என்று விளங்கிக்கொண்டார். மகனின் முழுப்பெயர், கடைசியாகக் கண்ட இடம், திகதி, தன்னுடைய அடையாள அட்டை இலக்கம், கைபேசி இலக்கம் எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதியிருந்தார். நான் காலையில்தான் கண்டு அழித்தேன். அதற்குள் அவருக்கு ஓர் அழைப்பு வந்துவிட்டது. உங்கள் மகனைப் பற்றித் தகவல் இருக்கிறது, இந்த இலக்கத்துக்குக் கொஞ்சக் காசு போட்டால் சொல்கிறேன் என்று ஒருவன் கதைத்திருக்கிறான். அம்மா காசு போடவில்லை. ஆனால் அந்த அழைப்பு வந்து சில வாரம் நித்திரை இல்லாமல் இருந்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னார். "உண்மையா இருந்தாலும் எண்டு ஒரு யோசனை பிள்ளை" என்றார்.

அந்தப் பிழை அமைப்பினுடையது இல்லை, என்னுடைய வசனத்தினுடையது. கொமென்ட் என்பது ஒரு பெயர்ப்பட்டியல். யார் எதைக் கேட்டார்கள் என்பதை யாரும் வந்து வாசிக்கலாம், படம் பிடித்து வைக்கலாம். மோசடிக்காரருக்கும் அது பட்டியல், கண்காணிக்கிறவர்களுக்கும் அது பட்டியல். இப்போது நான் எனக்கு வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: சந்தையில் நின்று சத்தமாகக் கேட்கக்கூடிய பொருளா? நீத்துப்பெட்டி என்றால் கேட்கலாம். காணாமல் போனவர், காணி வழக்கு, மனநல ஆலோசனை, வீட்டு வன்முறை, கடன் என்றால் கொமென்ட் கேட்பதே இல்லை. பயோ லிங்க் மட்டும்தான், அதோடு ஒரு வரி: "தயவுசெய்து பெயரையோ இலக்கத்தையோ கொமென்ட்டில் எழுதவேண்டாம்." தப்பித்தவறி யாராவது எழுதினால் உடனே அழிக்க ஒருவர் முதல் இரண்டு நாளும் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

பொருள் விற்கிற இடத்திலும் மோசடிக்காரர் வருவார்கள். அக்காவின் கணக்கைப் போலவே படமும் பெயரும் வைத்து, ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, 5 என்று எழுதியவர்களுக்கெல்லாம் 'முற்பணம் போடுங்கோ' என்று செய்தி அனுப்பலாம். கொமென்ட் கேட்கும் வசனத்தின் கடைசியில் அதற்காக ஒன்று சேர்த்தோம்: "எங்கட இந்தக் கணக்கில இருந்து மட்டும்தான் செய்தி வரும். பொருளின்ர படம் வட்ஸ்அப்பில அனுப்பின பிறகுதான் காசு கேப்பம்."

எங்கே நின்றார்கள் என்று பார்ப்பது

கணக்கை வணிகக் கணக்காக மாற்றினால் 'Insights' என்ற பகுதி கிடைக்கும். அதில் நான் பார்ப்பது மூன்று இலக்கங்களைத்தான். காணொளி எத்தனை தரம் ஓடியது, எத்தனை பேர் முகப்புப் பக்கத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் லிங்கைத் தட்டினார்கள். காணொளி நன்றாக ஓடியும் முகப்புக்கு ஆக்கள் வரவில்லையென்றால் காணொளியில் சொன்ன வசனம் விளங்கவில்லை. அன்ரி நின்ற இடம் அது. முகப்புக்கு வந்தும் லிங்கைத் தட்டவில்லையென்றால் தலைப்போ வரிசையோ பிழை. அது மச்சாள் நின்ற இடம். தட்டியும் வட்ஸ்அப்புக்குச் செய்தி வரவில்லையென்றால் லிங்கை நீங்களே வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள். இலக்கம் பிழையாக இருக்கலாம்.

விலையும் தபால் செலவும் தெரியாமல் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வழி சொல்லும் வசனத்தால் தீராது. கனடாவுக்கு ஒரு பெட்டியை அனுப்பத் தபால் செலவு பெட்டியின் விலையை விடக் கூட என்று அறிந்து சிலர் நின்றுவிட்டார்கள். அதற்கு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்கு வந்து திரும்பிப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்ப விரும்புகிறவர்களுக்காக, பயோவில் இரண்டாவது லிங்க் வைத்து 'ஊருக்கு வாறவர் கையில குடுத்துவிட' என்று தலைப்புப் போட்டார். அதன் வட்ஸ்அப் செய்தியில் 'Kaiyil' என்று வரும்படி மருமகன் செய்துகொடுத்தார். அந்த வழியால்தான் கூடுதலாக ஓடர் வந்தது.

அந்த 30 பெட்டியும் முடிய இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட எடுத்தது. இப்போது அவர் முன்கூட்டி இழைத்து அடுக்குவதில்லை. வட்ஸ்அப்பில் ஓடர் வந்த பிறகுதான் ஓலை வாருகிறார். பயோவில் தலைப்பு 'நீத்துப்பெட்டி ஓடர் – 10 நாள் எடுக்கும்' என்று மாறியிருக்கிறது. காணொளியில் அந்தப் பத்து நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்று போன கிழமை பார்த்தேன். மருமகனுக்கு எழுதியிருக்கிறேன்.